எரரின் மேல்வரி

பெலிண்டாவுக்கு முப்பத்திரண்டு வயது. எம்.சி.ஏ. படித்தவள். சென்னையில் இரண்டு வருஷம் ப்ரோகிராம் எழுதிச் சம்பாதித்தவள். அப்புறம் கல்யாணம், அப்புறம் ஜாஸ்லின் என்று ஒரு பெண் குழந்தை, அப்புறம் திருச்சி பாலக்கரையில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் குடித்தனம். இந்த மூன்று 'அப்புறம்'களுக்கும் சேர்த்து ஆறு வருஷம் போயிருந்தது. இன்டர்வியூவுக்குப் போன இடத்திலெல்லாம் ஒரே கேள்விதான்: "இந்த ஆறு வருஷ கேப்ல என்னம்மா பண்ணீங்க?" குழந்தையைப் பெத்து வளர்த்தேன் என்றால், அது என்னவோ ஊட்டிக்கு டூர் போய் வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். நான்கு இடத்தில் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். ஒருவரும் சொல்லியும் அனுப்பவில்லை, அனுப்பியும் சொல்லவில்லை.

வேலை கிடைத்தது அவள் புருஷன் பிரவீன்ராஜுக்கு. அவன் அதற்கு முன் இன்ஷூரன்ஸ் விற்றவன். அதற்கு முன் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்றவன். காவிரிக் கரையில் குடியிருப்பவனுக்கே அதை விற்றுவிடும் வாய். ஆறு மாதம் ஏதோ கோர்ஸ் படித்து, சர்டிபிகேட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனான். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் இரண்டாவது மாடியில் ஒரு சின்ன கம்பெனி. பதினோரு பேர். கல்யாண மண்டபங்களுக்கு புக்கிங் சாப்ட்வேர் செய்கிறவர்கள். எந்த முகூர்த்தத்துக்கு எந்த ஹால், யார் வீட்டுக் கல்யாணம், எந்த போன் நம்பர், இதெல்லாம் அதில் இருக்கும். முதலாளி நவநீதன் அரை மணி நேரம் இன்டர்வியூ செய்தார். அதில் இருபத்தைந்து நிமிஷம் பிரவீன்தான் பேசினான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும். பிழைத்துவிட்டான்.

சேர்ந்த மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து, "பெலிண்டா, இதைக் கொஞ்சம் பாரேன்" என்றான்.

கொஞ்சம் பார்த்தாள். மறுநாள் இன்னும் கொஞ்சம். ஒரு மாதத்தில் முழுசையும் அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை என்பது அந்தக் கம்பெனி வழக்கம். அது தோதாகப் போயிற்று. ஆபீஸ் கொடுத்த லேப்டாப்பில் பிரவீன் மீட்டிங் பேசுவான். அதில் அவள் கை வைப்பதில்லை, ஒரு பட்டனை அழுத்தினால் அது யோசித்து முடிப்பதற்குள் குக்கர் மூன்று விசில் விட்டுவிடும். அவளுக்குச் சென்னைக் காலத்துப் பழைய லேப்டாப் ஒன்று இருந்தது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டு வைத்திருந்தாள். எலி வளையானாலும் தனி வளை. ஜாஸ்லினை ஸ்கூலில் விட்டுவிட்டு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் மூன்று மணி வரைக்கும் எழுதுவாள். எழுதி அனுப்பும் ஒவ்வொரு துண்டின் மேலும் யார் எழுதியது என்று ஒரு பேர் பதியும். அந்த இடத்தில் பிரவீன்ராஜ் என்று அவளே தட்டி வைத்திருந்தாள்.

"நிஜமான டேட்டாவை ஒரு காப்பி எடுத்துத் தரட்டா? டெஸ்ட் பண்ண வசதியா இருக்கும்" என்று அவன் ஒருநாள் கேட்டான்.

"அடுத்தவங்க வீட்டுக் கல்யாணப் பொண்ணு நம்பர் நமக்கு எதுக்குங்க? வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். அவளே பொய்யாகக் கல்யாணங்கள் செய்து வைத்துக்கொண்டாள். மாமியார் அற்புதம்மாள் காந்தி மார்க்கெட்டுக்கு எழுதிக் கொடுத்திருந்த சீட்டு மேசைமேல் கிடந்தது. அதைப் பார்த்து மாப்பிள்ளை முருங்கை, பெண் வெங்காயம், மாப்பிள்ளை சேனை, பெண் கொத்தவரை என்று நாற்பது ஜோடிகளைச் சேர்த்து வைத்தாள். ஜாதகம் பார்க்கவில்லை.

அந்த ஆபீஸில் ஒரு சட்டம் இருந்தது. யாருக்காவது ப்ரோகிராம் ஓடாமல் நின்றுவிட்டால், "ஓட மாட்டேங்குது" என்று ஆபீஸ் சாட் குரூப்பில் புலம்பக் கூடாது. திரையில் வந்த எரர் செய்தியை அப்படியே, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், வெட்டாமல் ஒட்ட வேண்டும். வெட்டி ஒட்டியவன் பதினோரு பேருக்கும் போண்டா வாங்கித் தர வேண்டும். நல்ல சட்டம்தான். டாக்டரிடம் போய் 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டால் அவர் என்ன செய்வார்?

பெலிண்டாவுக்குச் சிக்கல் வந்தால் எரரை வாட்ஸ்அப்பில் பிரவீனுக்கு அனுப்புவாள். அவன் அதை குரூப்பில் ஒட்டுவான். முன்னும் பின்னும் மூன்று மூன்று குறி போட்டால் அது கறுப்புக் கட்டத்துக்குள் ஒழுங்காக நிற்கும். பிரவீன் அதையும் பாதி நாள் மறந்துவிடுவான், எரர் பந்தியில் கவிழ்ந்த ரசம் மாதிரி குரூப் முழுக்க ஓடும். ஒட்டியது இப்படி இருக்கும்:

```
Traceback (most recent call last):
  File "/home/belinda/velai/mandapam/booking.py", line 212, in hall_pirippu
    ponnu = kalyanam[peyar]
KeyError: 'வெங்காயம்'
```

இதில் என்ன தவறு என்று சொல்வது கடைசி வரி. எல்லாரும் அதைத்தான் படிப்பார்கள். தவறு எந்த மெஷினில், எந்த பைலில், எத்தனையாவது வரியில் நடந்தது என்று சொல்வது அதற்கு மேலே File என்று தொடங்கும் வரி. லினக்ஸில் ஒவ்வொருவருக்கும் அவரவர் பேரில் ஒரு வீடு உண்டு. பெலிண்டாவின் வீடு அங்கே /home/belinda என்று பட்டவர்த்தனமாக விலாசத்தோடு நின்றது. பதினான்கு மாதம் நின்றது. பத்து பேர் அதைத் தாண்டிக் கடைசி வரிக்குப் போனார்கள்.

பெலிண்டா அதைக் கவனிக்கவில்லையா என்றால், மூன்றாவது எரரிலேயே கவனித்துவிட்டாள். மாற்ற இரண்டு நிமிஷ வேலை. வேறு பேரில் ஒரு கணக்கு திறந்து அதற்குள் வேலை செய்தால் போதும். செய்யவில்லை. கேட்டால் மறந்துவிட்டேன் என்றுதான் சொல்லியிருப்பாள். உண்மை என்னவென்றால், அவள் எழுதிய அத்தனையிலும் அவள் பேர் இருந்தது அந்த ஒரு இடத்தில்தான். அதையும் தன் கையால் அழிக்க அவளுக்கு மனசு வரவில்லை.

வினை ஜீயபுரத்திலிருந்து வந்தது. தர்மராஜ் என்று ஒரு விவசாயி, வாழைத் தோப்பு வைத்திருக்கிறவர். மகள் வைஷ்ணவி கல்யாணத்துக்கு ஒரு மண்டபத்தை புக் செய்தார். அடுத்த வாரமே சமையல்காரர், மேளக்காரர், பந்தல்காரர், தாம்பூலப் பை விற்கிறவர் என்று ஒரு நாளைக்கு இருபது போன். தோப்பில் தண்ணீர் பாய்ச்ச விடவில்லை. ஒருவன் வைஷ்ணவிக்கே போன் செய்து, "மாப்பிள்ளை பிடிச்சிருக்காம்மா? அப்படின்னா மெனுவைப் பேசலாம்" என்றிருக்கிறான். தர்மராஜ் நேரே மண்டபத்துக்குப் போய்ச் சத்தம் போட்டார். மண்டபக்காரர் நவநீதனைப் பிடித்தார். ஒரு வாரத்தில் நம்பர் எப்படி வெளியே போனது என்று சொல்லாவிட்டால் போலீஸுக்குப் போவேன் என்று தர்மராஜ் சொல்லிவிட்டார்.

நவநீதனுக்கு வியர்த்தது. "நம்ம ஆளுங்கள்ல எவனோ வெளி லேப்டாப்புல வேலை பாக்குறான். அதுலேர்ந்துதான் போயிருக்கு" என்று அவரே முடிவு கட்டினார். டெஸ்டிங் பார்க்கும் ரோசரி மேடத்தைக் கூப்பிட்டார். "குரூப்ல ஒட்டின எரர் எல்லாத்தையும் முதல்லேர்ந்து படிங்க. எந்த எரர் எந்த மெஷின்லேர்ந்து வந்திருக்குன்னு லிஸ்ட் போடுங்க. ஒருத்தரையும் விடாதீங்க."

ரோசரிக்கு நாற்பத்தைந்து வயது. சாமானை எண்ணாமல் கடையை விட்டு இறங்காத ரகம். இரண்டு நாள் உட்கார்ந்து தொள்ளாயிரத்துச் சொச்சம் எரர்களின் மேல்வரியைப் படித்தார். ஆபீஸ் லேப்டாப் எல்லாம் விண்டோஸ். அதிலிருந்து வந்தால் C:\Users என்று தொடங்கி அவரவர் பேர் இருக்கும். பிரவீன் பேரில் ஒட்டிய இருநூற்று முப்பதில் ஒன்றுகூட அப்படி இல்லை. எல்லாமே பெலிண்டா வீடு.

செய்தி பிரவீனுக்குப் போயிற்று. நாளைக் காலை பத்தரை மணிக்கு அந்த லேப்டாப்போடு வா என்று நவநீதன் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தபோது முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. பெலிண்டா ஜாஸ்லினுக்குச் சீப்பு வைத்துச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள்.

"உன் பேரு மாட்டிக்கிச்சு. நான்தான் நம்பரை வித்தேன்னு நினைக்கிறாங்க."

"நம்மகிட்ட ஒரு நம்பர்கூட கிடையாதே?"

"அதை யாரு நம்புவா? நான் ஒண்ணு யோசிச்சிருக்கேன். லேப்டாப் உன்னோடது, ஆபீஸ் லேப்டாப் மெதுவா இருக்குன்னு நான் அதுல வேலை பார்த்தேன். அவ்வளவுதான். ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்தா வேலை நிக்கும். நீ வர வேண்டாம்."

சீப்பு நின்றது. ஜாஸ்லின் திரும்பிப் பார்த்தாள். பெலிண்டாவுக்குச் சுருக்கென்றது. அவன் சொன்னதில் அவளுடைய லேப்டாப் இருந்தது, அவள் இல்லை. பதினான்கு மாதத்தை ஒரே மூச்சில் மடித்து அவன் பையில் போட்டுக்கொண்டான். அவன் கெட்டவன் இல்லை. அதைச் சொல்லும்போது அவனுக்கு உறைக்கவே இல்லை, அதில்தான் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நானும் வரேன்" என்றாள்.

"எதுக்கு? நீ வந்தா வேற மாதிரி ஆயிடும்."

"ஆகட்டும்."

மறுநாள் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் இருவரும் போனார்கள். ஜன்னலோரம் லேப்டாப் பையை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு அவள். பக்கத்தில், ஜெபம் சொல்கிறானா கணக்குப் போடுகிறானா என்று தெரியாமல் உதடசைத்துக்கொண்டு அவன். அமாவாசை என்பதால் அம்மா மண்டபம் ரோடு முழுக்கக் கூட்டம். தர்ப்பணம் முடித்து ஈர வேட்டியோடு வந்தவர்களை விலக்கிக்கொண்டு மாடியேறினார்கள்.

நவநீதன் அறையில் ரோசரி ஒரு கட்டுக் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தார். நவநீதன் பெலிண்டாவைப் பார்த்து, "நீங்க வெளியில உட்காருங்கம்மா" என்றார்.

"அது என் லேப்டாப் சார். நான் இருக்கேன்."

பிரவீன் முந்திக்கொண்டான். ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்ததை ஒப்பித்தான். ஆபீஸ் லேப்டாப் மெதுவானது, தன் தவறுதான், மன்னிக்க வேண்டும், இனி நடக்காது. நன்றாகத்தான் பேசினான். நவநீதன் பாதி இளகிவிட்டார். ரோசரி இளகவில்லை. ஒரு காகிதத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தார்.

"இதுல இந்த வெங்காயம் என்ன தம்பி?"

பிரவீன் காகிதத்தைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். "அது வந்து... ஒரு கோட் வேர்ட் மேடம்."

"எதுக்கு?"

"செக்யூரிட்டிக்கு."

ரோசரி இன்னொரு காகிதத்தை வைத்தார். "இதுல கொத்தவரை. இதுல சேனை. இதெல்லாமும் செக்யூரிட்டியா? ஒரு கூட்டு வைக்கலாம்போல இருக்கே."

பெலிண்டாவுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயோடே சொன்னாள்: "அது கல்யாணப் பொண்ணு மேடம். மாப்பிள்ளை பேரு முருங்கை. நிஜ டேட்டா வேண்டாம்னு என் மாமியாரோட மார்க்கெட் சீட்டைப் பார்த்து நான்தான் பேரு வச்சேன். மொத்தம் நாற்பது கல்யாணம். இருநூத்திப் பன்னிரண்டாவது வரியில அந்த எரர் ஏன் வந்துதுன்னா, ஹாலை ரெண்டாப் பிரிச்சு ஒரே நாள்ல ரெண்டு கல்யாணத்துக்குக் குடுக்குற இடம் அது. ரெண்டாவது பொண்ணை லிஸ்ட்ல சேர்க்கிறதுக்கு முன்னாடியே தேடிட்டேன். வரிசையை மாத்தினேன், சரியாப் போச்சு."

கீழே ரோட்டில் ஒரு ஆட்டோக்காரன் யாரையோ தாராளமாகத் திட்டிக்கொண்டிருந்தான். பிரவீன் தன் ஷூவைப் பார்த்தான்.

"அப்ப இதெல்லாம் எழுதினது..." என்றார் நவநீதன்.

"நான்தான் சார்."

"எப்பலேர்ந்து?"

"இவர் சேர்ந்த முதல் மாசத்துலேர்ந்து."

ரோசரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "கேக்காம ஆபீஸ் ப்ரோகிராமை வெளி மெஷின்ல வச்சது தப்பு. அடுத்தவர் பேர்ல அனுப்பினதும் தப்பு. அதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்" என்று பெலிண்டாவிடம் சொல்லிவிட்டு நவநீதன் பக்கம் திரும்பினார். "ஆனா சார், நம்பர் இங்கேர்ந்து போகல. இருநூத்து முப்பது எரரையும் படிச்சேன். ஒண்ணுல கூட ஒரு மனுஷப் பேரு இல்ல. எல்லாம் காய்கறி."

"லேப்டாப்பையும் பாத்துக்கங்க மேடம்" என்று பெலிண்டா பையைத் திறந்தாள். ரோசரி பார்த்தார். நாற்பது கல்யாணம், அத்தனையும் மார்க்கெட்.

"அப்ப எவன்தான் வெளியில விட்டது? லிஸ்ட்ல வேற யாரு?" என்று மேசையைத் தட்டினார் நவநீதன்.

கட்டின் அடியில் ஒரே ஒரு காகிதம் தனியாக மடித்து வைத்திருந்தது. ரோசரி அதை எடுத்தார். "ஒருத்தரையும் விடாதீங்கன்னு சொன்னீங்க சார். விடல."

```
Traceback (most recent call last):
  File "C:\Users\Alagarsamy\Desktop\demo\booking.py", line 88, in phone_sari
    number = int(phone)
ValueError: invalid literal for int() with base 10: 'தர்மராஜ்'
```

நவநீதன் அதைப் படித்தார். கடைசி வரியைப் படித்துவிட்டு, ஒரு முறைக்கு இரண்டு முறை மேல்வரியைப் படித்தார்.

அழகர்சாமி திருச்சியில் பெரிய சமையல் கான்ட்ராக்டர். அவரையும் இந்த சாப்ட்வேரை வாங்க வைக்கலாம் என்று நவநீதன் போன மாதம் அவர் ஆபீஸுக்குப் போய் டெமோ காட்டினார். பொய் டேட்டா தயார் செய்ய சோம்பல். நிஜமானதையே ஒரு காப்பி எடுத்து அழகர்சாமியின் கம்ப்யூட்டரில் போட்டார். நம்பர் இருக்க வேண்டிய கட்டத்தில் மண்டபத்து ஆள் தர்மராஜின் பேரை மாற்றித் தட்டி வைத்திருந்ததால் ப்ரோகிராம் நடுவில் நின்றுவிட்டது. சட்டப்படி அவரும் எரரை வெட்டாமல் ஒட்டினார். அதைச் சரி செய்து கொடுத்ததும் பிரவீன்தான், அதாவது பெலிண்டாதான். டெமோ முடிந்து முதலாளி எழுந்து வந்துவிட்டார். காப்பி அங்கேயே இருந்தது. அழகர்சாமியும் அவருக்குத் தெரிந்த மேளக்காரர் பந்தல்காரர்களும் கூடிப் படித்திருக்கிறார்கள்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். அதிலும் வெட்டச் சொன்னவரே பூதம்.

"இதை... நான் பாத்துக்கிறேன்" என்றார் நவநீதன். ரோசரி காகிதத்தை விடவில்லை. அழகர்சாமியிடம் இருக்கும் காப்பியை அழிப்பதும், மண்டபத்துக்குச் சொல்வதும், ஜீயபுரத்துக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்பதும் இன்றைக்கே நடக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நவநீதன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். ஆட்டி முடித்ததும் தண்ணீர் குடித்துவிட்டு, பெருந்தன்மை ஏறிய குரலில், "சரி, நடந்தது நடந்து போச்சு. பிரவீன், நீ வேலையில இரு. வீட்டம்மா எப்பவும்போல உதவி பண்ணட்டும்" என்றார்.

பிரவீன் பெருமூச்சு விட்டான். பெலிண்டா விடவில்லை.

"நான் உதவி பண்ணலை சார். வேலை பண்ணினேன். இனிமே பண்ணணும்னா என் பேர்ல, ஆபீஸ் லேப்டாப்புல, மேடம் சொல்ற சட்டப்படி பண்றேன். இல்லேன்னா இன்னையோட நிறுத்திக்கிறேன்."

நிறுத்திவிட்டால் வீட்டில் அடுப்பெரிவதே சந்தேகம் என்று அவளுக்குத் தெரியும். பிரவீனுக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

"குடும்பம் குழந்தைன்னு பெரிய கேப் இருக்குமேம்மா" என்று நவநீதன் பழக்க தோஷத்தில் தொடங்கினார்.

ரோசரி அந்தக் காகிதக் கட்டை அவர் பக்கம் தள்ளினார். "பதினாலு மாசம் இங்க இருக்கு சார். தேதியோட, மணியோட. தினம் காலையில ஒம்போதரைக்கு உட்கார்ந்திருக்கா. எங்க திணறினா, எப்ப தேறினா, எல்லாம் தெரியுது. முதல் மாசம் ஒரு நாளைக்கு நாலு எரர். இப்ப வாரத்துக்கு ஒண்ணு. இதைவிட நல்ல பயோடேட்டாவை நான் பார்த்ததில்ல."

நவநீதன் பிரவீனைப் பார்த்தார். அவன் பெலிண்டாவைப் பார்த்தான். அப்புறம் சொன்னான்: "அவளுக்கே குடுத்துடுங்க சார். எனக்கு இது வரலை. பதினாலு மாசமா மீட்டிங்ல என்ன கேப்பீங்களோன்னு பயந்துக்கிட்டுதான் உட்கார்ந்திருந்தேன். நான் மண்டபம் மண்டபமாப் போய் வித்துக் குடுக்கிறேன். டெமோவுக்கு வெங்காயத்தையே எடுத்துட்டுப் போறேன்."

கடைசியில் சொன்னது நவநீதனுக்குச் சுட்டது. ஆனால் ஒப்புக்கொண்டார். அவருக்கு வேறு வழியும் இருக்கவில்லை.

பெலிண்டா வேலையில் சேர்ந்த முதல் திங்கள் காலை, வீட்டு மேசையிலிருந்தே மீட்டிங். திரையில் பன்னிரண்டு சின்னச் சின்னக் கட்டத்தில் பன்னிரண்டு முகம். மணப்பாறை மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை கூத்து நடந்துவிட்டிருந்தது. புதிதாகப் போட்ட பகுதி ஒரே மேடையை இரண்டு வரவேற்புக்குக் கொடுத்துவிட்டது. இரண்டு மாப்பிள்ளைகளும் கோட்டோடு வந்து நின்றிருக்கிறார்கள். நவநீதன் கொதித்துப் போயிருந்தார்.

"அதை யாரு எழுதினது?"

அடுத்த அறையில் இருந்த பிரவீன், பழைய பழக்கத்தில், எழுந்து வந்து வாசலில் நின்றான். பதில் சொல்ல வாயைக்கூடத் திறந்துவிட்டான். பெலிண்டா கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.

"நான் எழுதினேன் சார்."

"கண்ணை மூடிக்கிட்டா எழுதினீங்க? மண்டபக்காரன் என்னைத் தூக்குல போடாத குறை!"

ஐந்து நிமிஷம் திட்டினார். மற்ற பத்து பேரும் கேட்டார்கள். தவறு அவளுடையதுதான், ஒரு நிபந்தனையை விட்டிருந்தாள், மத்தியானத்துக்குள் சரிசெய்துவிடுவதாகச் சொன்னாள். மீட்டிங் முடிந்து திரை அணைந்ததும் பிரவீன் பாவமாகப் பார்த்து, "ரொம்பத் திட்டிட்டாரா?" என்று கேட்டான்.

"ம்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவன் சமாதானம் சொல்லக் கிட்டே வந்து, முகத்தைப் பார்த்துத் திகைத்து நின்றான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏய், என்னாச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. ஏழு வருஷத்துக்கு அப்புறம் என்னை ஒருத்தர் வேலைக்காகத் திட்டியிருக்கார்" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த நிபந்தனையை எழுத உட்கார்ந்தாள்.